ஊ-விலிருந்து ஆ வரை: ஒரு சின்தசைசர் சுரத்தைக் காதால் பிரிப்பது

"எலக்ட்ரானிக் இசை நிறையக் கேட்கிறேன். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. சின்தசைசர் பற்றி எங்கே படித்தாலும் ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் என்று மூன்று சொற்கள் வந்துவிடுகின்றன. பாட்டைக் கேட்கும்போது எது எதனுடைய வேலை என்று காதாலேயே பிரித்தறிய முடியுமா?"

முடியும். முதல் பாடத்துக்கு உங்கள் தொண்டையும் வாயும் போதும். வசதியான ஒரு சுருதியில் 'ஊ' என்று பிடியுங்கள். சுருதியை நகர்த்தாமல், மூச்சை விடாமல், வாயை மட்டும் மெல்லத் திறந்து 'ஆ'-வுக்கு வாருங்கள். தொண்டைக்குள் குரல் நாண்கள் அதே வேகத்தில்தான் அதிர்கின்றன. ஆனால் போர்வைக்குள்ளிருந்து வந்தது போல இருந்த ஒலி இப்போது பளிச்சென்று வெளியே வந்துவிட்டது. அடுத்து, அதே சுருதியில் 'பா, பா, பா' என்று சொல்லுங்கள். பிறகு 'ம்' என்று தொடங்கி, மிக மெதுவாக 'ஆ'-வுக்குத் திறந்து, மறுபடி 'ம்'-மில் மூடுங்கள். தொண்டையும் அதே, வாயும் அதே. திறந்து மூடிய வேகம்தான் வேறு.

தொண்டைதான் ஆசிலேட்டர். வாய்தான் ஃபில்டர். எப்போது, எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் திறப்பது என்று வாய்க்குச் சொல்லும் கட்டளைதான் என்வலப். மூன்றாவது மட்டும் வேறு ஜாதி என்பதைக் கவனியுங்கள். என்வலப்புக்கு என்று தனி ஒலி கிடையாது. அது குமிழைத் திருகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை. அது செய்யும் மாற்றத்தைத்தான் கேட்கிறோம்.

எல்லா வசதியும் கொண்ட பெரிய சின்தசைசரில் இதை விளக்கப் போனால் குழம்பிவிடும். அதனால் மிகக் குறைவாகவே திருகுவதற்கு இடம் கொடுக்கும் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981-ல் கொண்டுவந்த டிபி-303. தனியாக உட்கார்ந்து பழகும் கித்தார்காரருக்கு பேஸ் கித்தார் துணை வாசிக்க ஆளில்லாத குறையைப் போக்கத்தான் அதைச் செய்தார்கள். கையில் அடங்கும் வெள்ளிநிறப் பெட்டி, மேல் வரிசையில் ஆறு சின்னக் குமிழ்கள். பேஸ் கித்தார் போல அது துளியும் ஒலிக்கவில்லை. சுரங்களை ஒருமுறையும், அவற்றின் கால அளவை இன்னொருமுறையும் தனித்தனியாகப் பதிய வேண்டும் என்பதால் பழகுவதும் கஷ்டம். 1984-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் பழைய சாமான் விலைக்கு அது கைமாறிக்கொண்டிருந்தபோது, சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவினர் ஒன்றை வாங்கி, ஒரே சுரவரிசையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஓடும்போதே குமிழ்களைத் திருகிப் பார்த்தார்கள். 1987-ல் அது 'ஆசிட் டிராக்ஸ்' என்ற இசைத்தட்டாக வந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற இசை வகைக்கு அதிலிருந்துதான் பெயரே வந்தது. பதினோரு நிமிடத்துக்கும் மேல் ஓடும் அந்தத் தட்டில் மெட்டு என்று பெரிதாக எதுவும் மாறாது. மாறுவதெல்லாம் ஃபில்டரும் என்வலப்பும்தான். காதைப் பழக்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, ஆசிலேட்டர். 303-ல் ஒரே ஒரு ஆசிலேட்டர், அதில் இரண்டே வடிவங்கள்: ரம்பப் பல், சதுரம். ரம்பப் பல் என்றால் மின்னழுத்தம் சீராக ஏறி, உச்சியில் சட்டென்று கீழே விழுந்து, மறுபடி ஏறுவது. வரைந்து பார்த்தால் ரம்பம் போலவே இருக்கும். இது நொடிக்கு 110 முறை நடந்தால் 110 ஹெர்ட்ஸ். ஓர் ஆணின் குரலுக்கு வசதியான கீழ்ச் சுருதி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அதற்குள் 110 மட்டும் இல்லை. 220, 330, 440, 550 என்று அதன் மடங்குகள் எல்லாம் மேற்சுரங்களாகக் கூடவே ஒலிக்கின்றன. இரண்டாவதன் வீச்சு முதலாவதில் பாதி, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு, பத்தாவது பத்தில் ஒரு பங்கு. நம் காது இவற்றைத் தனித்தனியாகக் கேட்பதில்லை. மொத்தத்தையும் ஒரே சுரமாகச் சேர்த்து, எத்தனை மேற்சுரங்கள் எவ்வளவு பலத்தில் இருக்கின்றன என்பதை அந்தச் சுரத்தின் நாதமாக எடுத்துக்கொள்கிறது. தம்புராவில் குதிரை மேல் தந்திக்கு அடியில் நூலைச் செருகி ஜீவா பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நூலை நகர்த்தும்போது சுருதி மாறுவதில்லை, மேற்சுரங்கள் எழும்பித் தந்தி ரீங்கரிக்க ஆரம்பிக்கிறது. ரம்பப் பல் அலை அப்படி எல்லா மேற்சுரங்களும் எழும்பிய நிலை. வடிகட்டாமல் கேட்டால் காதுக்குப் பக்கத்தில் வண்டு பறப்பது போலத்தான் இருக்கும்.

சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே உண்டு: 110, 330, 550 என்று போகும். இரட்டைப்படை இல்லாததால் உள்ளே குடைந்தெடுத்தது போல ஒரு வெற்றிடம் தெரியும். கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயியில் இரட்டைப்படை மேற்சுரங்கள் பலவீனமாக இருப்பதால் அதன் குரலும் இந்தப் பக்கம்தான் வரும். பழைய வீடியோ கேம்களின் 'பீப்' இசை ஞாபகம் இருந்தால், அதில் பெரும்பகுதி சதுர அலையும் அதன் ஒன்றுவிட்ட சகோதரர்களும்தான். மேற்சுரமே இல்லாத சுத்தமான சைன் அலை ஒன்றும் உண்டு, மெல்லிய விசில் போல இருக்கும். 303-ல் அது கிடையாது.

ஆசிலேட்டரைப் பற்றி இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்பவர் காதில் அடிக்கடி படுவது அதுதான். இரண்டு ஆசிலேட்டர்களைக் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் வைத்தால், உதாரணமாக ஒன்று 110, மற்றது 110.5 என்றால், இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒலி பெருத்துச் சுருங்கும். தம்புராவின் இரண்டு சாரணித் தந்திகள் மயிரிழை விலகியிருந்தால் வரும் அதே அலைச்சல். ரோலண்ட் 1996-ல் வெளியிட்ட ஜேபி-8000-ல் ஒரே சுரத்துக்கு இப்படி ஏழு ரம்ப அலைகளைச் சற்றே விலக்கி அடுக்கும் வசதி வந்தது. டிரான்ஸ் இசையில் அரங்கையே நிறைத்துக்கொண்டு ஒரு ஒலி வருகிறதே, கை தூக்கச் சொல்லும் இடத்தில், அது பெரும்பாலும் இந்த அடுக்குதான். பெருங்கூட்டம் ஒன்றாகப் பாடுவது போல ஒலி அகலமாகத் தெரிந்தால், பல ஆசிலேட்டர்கள் என்று துணிந்து சொல்லலாம். 303 அதற்கு நேர் எதிர். அது ஒல்லியான ஒற்றைக் குரல்.

இனி ஃபில்டர். இதில் பல வகை இருந்தாலும் கேட்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: கீழே இருப்பதை விட்டுவிட்டு மேலே இருப்பதைக் கழிக்கும் லோ-பாஸ் ஃபில்டர். எந்த அதிர்வெண்ணுக்கு மேல் கழிக்க வேண்டும் என்பதை கட்ஆஃப் குமிழ் சொல்லும். கத்தியால் வெட்டியது போல அந்த இடத்தில் ஒலி நின்றுவிடாது, ஒரு சரிவில் இறங்கும். ராபர்ட் மூக் 1969-ல் காப்புரிமை பெற்ற புகழ்பெற்ற ஃபில்டரில் அந்தச் சரிவு ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபெல். இதைக் கணக்காக்கிப் பாருங்கள். நம் 110 ஹெர்ட்ஸ் ரம்ப அலையை எடுத்து, கட்ஆஃபை 220-ல் வைக்கிறோம். 110 ஏறக்குறைய அப்படியே வெளியே வரும். ஒரு ஸ்தாயி மேலே உள்ள 440, ஏற்கெனவே ஆதார சுரத்தில் நாலில் ஒரு பங்குதான் இருந்தது. ஃபில்டர் அதை மேலும் ஏறக்குறைய 16-ல் ஒரு பங்காக்குகிறது. ஆக 64-ல் ஒரு பங்கு. 880 இருந்த இடமே தெரியாது. வண்டின் ரீங்காரம் போய், தூரத்தில் யாரோ 'ஊ' சொல்வது போல மிஞ்சும். கட்ஆஃபை மேலே திருகத் திருக அந்த 'ஊ' 'ஓ'-வாகி 'ஆ'-வாகத் திறக்கும். வாய் விஷயம் இதைவிடச் சிக்கலானது, அதில் ஒரே நேரத்தில் பல இடங்களில் முழக்கம் உண்டு. ஆனால் காதுக்குக் கிடைக்கும் அனுபவம் ஒன்றுதான்.

கட்ஆஃபுக்குப் பக்கத்துக் குமிழ் ரெசொனன்ஸ். சுவாரஸ்யமே இங்கேதான் தொடங்குகிறது. ஃபில்டரின் வெளியீட்டில் கொஞ்சத்தை எடுத்து மறுபடி உள்ளே ஊட்டினால், கட்ஆஃப் இருக்கும் இடத்தை ஒட்டிய மேற்சுரங்கள் மட்டும் வீங்கி எழும். அப்படி வைத்துக்கொண்டு கட்ஆஃபை மெதுவாக நகர்த்தினால், அது கடந்து போகும் மேற்சுரங்கள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கி ஒலிக்கும். 220-ல் ஷட்ஜம், 330-ல் பஞ்சமம், 440-ல் மறுபடி ஷட்ஜம், 550-ல் அந்தர காந்தாரம். நல்ல தம்புராவின் மந்தரத் தந்தியில் கூர்ந்து கேட்டால் தானாகப் பிறந்து வருமே, அதே காந்தாரம்.

இப்படி ஒரு வாத்தியம் நம் கச்சேரி மேடையில் எப்போதிருந்தோ இருக்கிறது: மோர்சிங். அதன் நாக்கு எப்போதும் ஒரே சுருதியில்தான் அதிர்கிறது. வாசிப்பவர் வாய்க்குள் நாக்கின் நிலையை மாற்றி, வாயின் முழக்கத்தை இடம் நகர்த்தி, மேற்சுரங்களைப் பொறுக்கி எடுத்துக் கேட்கவைக்கிறார். ஆசிட் ஹவுஸில் 'கியாவ், கியீவ்' என்று கத்தும் அந்த 303 ஒலியை முதல்முறை கேட்டபோது எனக்கு மோர்சிங்தான் ஞாபகம் வந்தது. அது வெறும் ஒப்புமை இல்லை என்று பிறகுதான் புரிந்தது. இரண்டிலும் நடக்கும் இயற்பியல் ஒன்றே.

ரெசொனன்ஸுக்கு ஒரு விலையும் உண்டு. இந்த வகை ஃபில்டர்களில் ரெசொனன்ஸைக் கூட்டினால் அடிச்சுரம் மெலிந்துபோகும். ஒலி மூக்கால் பேசத் தொடங்கும்போது பேஸ் காணாமல் போனது போலத் தோன்றினால் காரணம் அதுதான். இன்னும் கூட்டினால் மூக் ஃபில்டர் ஆசிலேட்டரே இல்லாமல் தானே விசிலடிக்க ஆரம்பித்துவிடும். 303 அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்கும், தாண்டாது.

இப்போது என்வலப். 303-ல் இதற்கு இரண்டு குமிழ்கள். ஒன்று என்வலப் ஃபில்டரை எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்று சொல்வது. இன்னொன்று டிகே, அதாவது தள்ளிய பிறகு எவ்வளவு நேரத்தில் பழைய இடத்துக்கு இறங்க வேண்டும் என்பது. ஒரே ஒரு சுரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். கட்ஆஃப் குமிழ் 200 ஹெர்ட்ஸில் நிற்கிறது என்று வையுங்கள். சுரம் தொடங்கும் கணத்தில் என்வலப் அதை ஒரே தள்ளாக 2,000-க்கு ஏற்றுகிறது. 110-ன் மடங்குகளில் முதல் பதினெட்டும் அந்தக் கணத்தில் வெளியே கேட்கின்றன. உடனே சரிவு தொடங்குகிறது. முதலில் வேகமாக, போகப்போக மெதுவாக, கட்ஆஃப் 200-ஐ நோக்கி இறங்குகிறது. மேற்சுரங்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக அணைகின்றன. கடைசியில் ஆதார சுரமும் அதற்கு அடுத்ததன் நிழலும்தான் பாக்கி. வாயால் சொன்னால் 'ஆவ்'. திறந்த 'ஆ'-வில் பிறந்து மூடிய 'வ்'-வில் முடியும் ஒரு சொல்.

நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு நாலு சுரம் என்றால், ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 125 மில்லி நொடி. டிகே குமிழின் குறைந்தபட்சம் ஏறக்குறைய 200 மில்லி நொடி, அதிகபட்சம் 2 நொடி. குறைவாக வைத்தால் அடுத்த சுரம் வருவதற்குள் ஃபில்டர் பாதிக்கு மேல் இறங்கிவிடும், ஒவ்வொன்றும் 'டவ் டவ் டவ்' என்று தனித்தனி முத்தாக விழும். அதிகமாக வைத்தால் இறங்க ஆரம்பிப்பதற்குள் அடுத்த சுரம் வந்து மறுபடி மேலே தூக்கிவிடும். ஒலி மூடவே மூடாது, பளபளவென்று ஒரு பட்டையாக ஓடும். ஆசிட் தட்டுகளில் சில நிமிடங்களுக்கு மேல் மெல்ல மெல்ல ஒலி உருகுவது போலத் தோன்றும் இடங்களில், வாசிப்பவர் இந்த ஒரே குமிழைத்தான் நகர்த்திக்கொண்டிருப்பார்.

ஆறில் கடைசிக் குமிழ் ஆக்சென்ட். சுரவரிசையில் சில சுரங்களுக்கு மட்டும் அழுத்தம் என்று குறித்து வைக்கலாம். அந்தச் சுரம் வரும்போது ஒலி கூடுவதோடு ஃபில்டரும் கூடுதலாகத் திறந்து, சீக்கிரமே மூடும். அழுத்தங்கள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றைவிட ஒன்று உயர எகிறும். உள்ளே ஒரு கெப்பாசிட்டரில் ஏறிய மின்னூட்டம் முழுதாக வடிவதற்குள் அடுத்தது வந்து மேலே சேருவதுதான் காரணம். ஒரே மாதிரி நாலு சுரம் வாசித்தாலும் நாலும் வெவ்வேறாக ஒலிக்கும். இயந்திரம் உணர்ச்சியோடு வாசிப்பது போல ஒரு மயக்கம் இதனால் வருகிறது.

இதோடு ஸ்லைடும் உண்டு: ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிப் போவது. வழுக்கும்போது என்வலப் புதிதாகத் தொடங்குவதில்லை, பழைய சரிவே தொடர்கிறது. அதனால் வழுக்கி வந்து சேர்ந்த சுரம் புதிதாக மீட்டியது போல இல்லாமல், வீணையில் ஒரே மீட்டலுக்குள் விரலை நகர்த்தி எடுத்தது போல இருக்கும். நம் கமகத்தில் ஜாரு என்பார்களே, அதன் எளிய வடிவம். அதற்கு எடுக்கும் நேரத்தை மாற்ற முடியாது என்பது குறை, கம்பிதம் போன்ற அசைவுகள் இதில் வரவே வராது.

பம்பாய்த் திரையிசையில் வாத்தியக் கலைஞராக இருந்த சரண்ஜித் சிங் 1982-லேயே இந்த 303-ஐயும் ரோலண்டின் டிஆர்-808 தாளப் பெட்டியையும் ஜூபிட்டர்-8 சின்தசைசரையும் வைத்துக்கொண்டு, பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். சிகாகோ தட்டுக்கு ஐந்து ஆண்டு முன்பு. அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, 2010-ல் மறுபதிப்பு வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதில் பூபாலியும் மால்கௌன்ஸும் உண்டு. நம் மோகனமும் ஹிந்தோளமும் என்று காது உடனே பிடித்துக்கொள்ளும். ராகம் தெரிந்த சுரங்களாக இருப்பதால் கவனத்தை முழுக்க ஒலியின் மேல் வைக்கலாம். மேலே மெட்டை வாசிக்கும் ஜூபிட்டரை விட்டுவிட்டு, கீழே விடாமல் ஓடும் 303-ஐ மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். எந்தச் சுரம் மீட்டப்பட்டது, எது வழுக்கி வந்தது என்று பத்து நிமிடத்தில் பிரிக்க வந்துவிடும்.

303-ன் என்வலப் மிகக் கஞ்சமானது. மற்ற சின்தசைசர்களில் வழக்கமாக நாலு கட்டங்கள் இருக்கும்: அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ். நியூயார்க்கில் எலக்ட்ரானிக் இசை நிலையம் நடத்திய விளாதிமிர் உசாசெவ்ஸ்கி 1965-ல் ராபர்ட் மூக்கிடம் கேட்டுச் செய்யவைத்த அமைப்பு அது. சுரம் தொடங்கி உச்சிக்கு ஏறும் நேரம் அட்டாக். உச்சியிலிருந்து இறங்கும் நேரம் டிகே. கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும்வரை நிற்கும் அளவு சஸ்டெயின். கையை எடுத்தபின் அடங்கும் நேரம் ரிலீஸ்.

மூன்று நேரம், ஒரு அளவு. இதில்தான் எல்லோரும் ஒருமுறையாவது தடுக்கி விழுவார்கள். நானும் விழுந்திருக்கிறேன். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கத் தொடங்கிய புதிதில், ஒரு கல்யாண வரவேற்பில், வயலின் கூட்டம் போன்ற ஒலி அடுத்த சுரத்தின் மேல் வழிகிறது என்று பட்டது. சஸ்டெயின் என்றால் நீளம் என்று நினைத்துக்கொண்டு அதை அடியோடு குறைத்துவிட்டேன். பல்லவி முடிந்து பாடகர் நீண்ட கார்வை ஒன்றைப் பிடித்தார், நானும் கட்டைகளை அழுத்திப் பிடித்தேன். ஒரு நொடி ஒலித்துவிட்டு என் பக்கம் மொத்தமும் அணைந்தது. விரல் அழுந்தியபடியே இருக்கிறது, சத்தம் இல்லை. பாடகர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் குறைத்திருக்க வேண்டியது ரிலீஸ். சஸ்டெயினைப் பூஜ்யமாக்கினால், எவ்வளவு நேரம் அழுத்தினாலும் மீட்டிய தந்தி போல ஒலி தானே செத்துவிடும். வேண்டுமென்றே அப்படி வைத்தால் வீணை மாதிரி, முழுதாக வைத்தால் ஹார்மோனியம் மாதிரி.

பெரும்பாலான சின்தசைசர்களில் இந்த என்வலப் குறைந்தது இரண்டு இருக்கும்: ஒன்று ஒலியின் அளவுக்கு, இன்னொன்று ஃபில்டருக்கு. கேட்பவருக்கு வரும் பெரிய குழப்பமும் இதுதான். ஒலி மங்குகிறது என்றால் அளவு குறைகிறதா, ஃபில்டர் மூடுகிறதா? ஒரு சோதனை சொல்கிறேன். பாட்டின் அடிச்சுரத்தோடு சேர்ந்து நீங்களும் மெல்ல முனகுங்கள். ஒலி மங்கியபிறகும் உங்கள் முனகலுக்குத் துணையாக அந்த அடிச்சுரம் அதே பலத்தோடு நின்றால், ஃபில்டர்தான் மூடியிருக்கிறது. அதுவும் சேர்ந்து தேய்ந்தால் அளவு குறைந்திருக்கிறது. இன்னொரு குழப்பத்துக்கும் இதே மருந்துதான். ரெசொனன்ஸ் ஏற்றிய ஃபில்டர் நகரும்போது, மேலே விசில் போல ஒன்று ஏறி இறங்குவதைப் பார்த்து மெட்டே மாறுகிறது என்று தோன்றும். உங்கள் முனகல் இன்னும் பொருந்துகிறது என்றால் சுருதி நகரவில்லை. நீங்கள் கேட்பது மோர்சிங் வேலை.

இதையெல்லாம் ஃபோன் ஸ்பீக்கரில் முயலாதீர்கள். 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பெரும்பாலும் ஒன்றும் வராது. 55 ஹெர்ட்ஸில் ஒரு பேஸ் சுரம் வந்தால், 55-ஐ நீங்கள் கேட்கவே இல்லை. மேலே வரும் 275, 330, 385 போன்ற மேற்சுரங்களின் இடைவெளியைப் பார்த்து மூளைதான் 55-ஐக் கணித்து ஒட்டவைக்கிறது. ஃபில்டர் திறந்திருக்கும்வரை அந்த ஏமாற்று வேலை நடக்கும். ஃபில்டர் மூடியதும் மேற்சுரங்கள் போய்விடுவதால் பேஸ் மொத்தமும் மறைந்துவிடும், பாட்டில் ஏதோ நின்றுபோனது போல இருக்கும். சுமாரான இயர்போன் கூடப் போதும், அதை மாட்டிக்கொண்டால் மூடிய ஃபில்டருக்கு அடியில் அந்த 'ஊ' ஓடிக்கொண்டிருப்பது கேட்கும்.

கையால் செய்து பார்க்க ஆசை வந்தால் கம்ப்யூட்டரில் `Surge XT` என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஆசிலேட்டரில் ரம்ப அலை, 24 டெசிபெல் லோ-பாஸ் ஃபில்டர், கட்ஆஃப் 200 ஹெர்ட்ஸ், ரெசொனன்ஸ் பாதிக்குச் சற்று மேலே. ஃபில்டர் என்வலப்பில் அட்டாக் பூஜ்யம், டிகே 300 மில்லி நொடி, சஸ்டெயின் பூஜ்யம். என்வலப் ஃபில்டரைத் தள்ளும் அளவை மூன்று ஸ்தாயிக்குச் சற்று மேல் வைத்தால் நாம் மேலே பார்த்த 'ஆவ்' கிடைக்கும். சுரம் தொடங்கும்போது 'டிக்' என்று ஒரு சொடுக்கு கேட்டால் பழுது என்று பயப்பட வேண்டாம். ஒலி அளவின் அட்டாக் பூஜ்யத்தில் இருப்பதால், அலை நடுவழியில் திடீரென்று வெட்டித் தொடங்குகிறது. அந்த அட்டாக்கை இரண்டு மூன்று மில்லி நொடி ஆக்கினால் போய்விடும். பேஸ் சுரத்தில் சிலர் அந்தச் சொடுக்கை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

அப்புறம் ஒரு டிகே போதாது, மாற்றி மாற்றிப் பாருங்கள். 300-ஐ 80 ஆக்கினால் 'ஆவ்' சுருங்கி வெறும் 'டப்' ஆகிவிடும், சுரம் என்பதே போய்த் தாளவாத்தியம் போல ஒலிக்கும். இன்னும் ஒரு படி மேலே போய், ரம்ப அலையை எடுத்துவிட்டு சைன் அலையைப் போட்டு, என்வலப்பை ஃபில்டருக்குப் பதிலாகச் சுருதியில் இணைத்து, 200 ஹெர்ட்ஸிலிருந்து 50-க்கு ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் விழவைத்தால், அது டான்ஸ் பாட்டில் நெஞ்சில் குத்தும் கிக் டிரம். என்வலப்பை எங்கே மாட்டுகிறோமோ அங்கே அதன் வேலை தெரியும்.

எல்லா எலக்ட்ரானிக் ஒலியையும் இந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாது. இங்கே சொன்னது முழுக்க, நிறைய மேற்சுரங்களோடு தொடங்கிக் கழித்துக்கொண்டே போகும் முறை. யமஹா 1983-ல் கொண்டுவந்த டிஎக்ஸ்7 வேறு வழியில் போனது. அதில் ஒரு சைன் அலை இன்னொரு சைன் அலையை அதிவேகமாக உலுக்கி, அந்த உலுக்கலில் மேற்சுரங்களைப் பிறக்கவைக்கும். எண்பதுகளின் பாட்டுகளில் கண்ணாடி மணி போலக் கிணுகிணுக்கும் எலக்ட்ரிக் பியானோ பெரும்பாலும் அதுதான். அந்த மணியோசை மெல்லக் கனிந்து மிருதுவாகி அடங்குவதைக் கேட்டால் ஃபில்டர் மூடுகிறது என்றே காது சொல்லும். ஆனால் டிஎக்ஸ்7-க்குள் ஃபில்டரே கிடையாது. உலுக்கும் அலையின் பலத்தை அதற்கென்று இருக்கும் என்வலப் குறைத்துக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.